ஊசி அக்காவும் ஆசீர்வாதத்தின் கடைசிச் சொல்லும்

ஊசி அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு இப்போது வேலை இல்லை. ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுப்பது அவருடைய உத்தியோகம். காது கேளாதவர்கள் ஒருவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். கட்டைவிரலால் சிரிஞ்சை அழுத்துகிற மாதிரி ஒரு சின்ன அசைவு, அதுதான் அக்கா. சபையில் காது கேட்கிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் ஆர்கன் வாசிக்கிறவன். எனக்கு வைத்த அடையாளம் மூக்கைச் சுளிப்பது. பாடகர் குழு தாளம் தப்பினால் என் மூக்கு அப்படித்தான் போகிறதாம். போகட்டும், பொய்யா சொன்னார்கள்?

அக்காவின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அந்த வீட்டுக்குக் காதாக இருந்தது அக்காதான். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்தினாலும், டாக்டர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் படித்தாலும், அதைக் கைக்கு மாற்றிச் சொல்ல வேண்டியது பாவாடை கட்டிய அந்தப் பெண்தான். அப்படி வளர்ந்ததால் அவரிடம் ஒரு பிடிவாதம் ஊறிப்போயிருக்கிறது. சொன்னதைச் சொல்வார். கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார், தேன் தடவ மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூப்போடாத கருநீலச் சேலை கட்டிக்கொண்டு பிரசங்க மேடைக்கு வலப்பக்கம் நிற்பார். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தச் சேலை. சைகை மொழியில் பாதி கையில் இருக்கிறது, மீதி முகத்தில் இருக்கிறது. புருவம் ஏறினால் அது கேள்வி. உதடு இறுகினால் அது வேறு சங்கதி. கேட்காதவர்கள் கையைவிட முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்பது எனக்கே அக்கா சொல்லித்தான் தெரியும்.

சபைக் கமிட்டியில் ஒரு பெரிய மனிதர் உண்டு. "அவங்க கையாட்டறதுல எங்களுக்குக் கவனம் சிதறுது, கொஞ்சம் ஓரமா உக்காந்து செய்யலாமே" என்று ஒருமுறை ஆரம்பித்தார். அக்கா கோபப்படவில்லை. "ஓரமா உக்காந்தா அவங்களுக்கு உங்க பின்னந்தலைதான் சார் தெரியும். அதுல படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். மனிதர் வழுக்கையைத் தடவிக்கொண்டு போனார். நான் அன்று ஆர்கனை வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் கேட்காதவர்கள் உட்காரும் முன்பெஞ்சில் ஒரு தம்பதி. அவள் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அதனால் அவள் அடையாளம் குழிக்கன்னம். அவன் தச்சன். இருவருக்கும் கேட்காது. அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். அவர் உறவுக்காரர்களோடு கேட்கிறவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் தெளித்தாயிற்று. பாஸ்டர் குழந்தையின் தலையில் கை வைத்து, மோசே காலத்தில் ஆசாரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பழைய ஆசீர்வாதத்தை ஆரம்பித்தார். மூன்றே வரி. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பார் என்பது முதல் வரி. அவர் முகம் உன்மேல் ஒளிவீசும், உனக்கு இரங்குவார் என்பது இரண்டாவது. அவர் தம் முகத்தை உன் பக்கம் நிமிர்த்தி உனக்குச் சமாதானம் தருவார் என்பது கடைசி. அக்கா பக்கத்தில் நின்று கைகளில் சொல்லிக்கொண்டே வந்தார். முகம் வருகிற இடத்தில் தன் முகத்தையே விரித்து அந்தத் தாயின் பக்கம் திருப்பினார். முன்பெஞ்சு முழுக்க அதைப் பருகிக்கொண்டிருந்தது. பிறகு சமாதானம். இரண்டு உள்ளங்கைகளும் கீழே பார்க்க, மெதுவாகத் தாழ்ந்தன. அடங்கி அமைதியாக இருப்பதைக் காட்டும் சைகை. பல வருஷமாக அதைத்தான் செய்துவந்தார்.

குழிக்கன்னம் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்தாள். இரண்டடி முன்னால் வந்து அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நிறுத்தினாள். பிறகு கைகளை விட்டுவிட்டுப் பேசினாள், வேகமாக. அக்காவின் வேலை எங்களுக்கு அதைக் குரலில் சொல்வது. சொன்னார், அவள் சொன்னபடியே, 'நான்' என்றே சொன்னார்.

"கடவுள் முகத்தை என் பக்கம் திருப்பறார். நான் ஆசையா பாக்கறேன். பாத்தா, அமைதியா இருன்னு சொல்றார். இதை எங்கப்பா எனக்கு ஆயுசு முழுக்கச் சொல்லிட்டார். என் பிள்ளைக்கு இந்த ஆசீர்வாதம் வேண்டாம்."

சொல்லி முடிக்கும்போது அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் பிள்ளையோடு வெளியே போனார்கள். முன்பெஞ்சில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன வாசிப்பது என்று தெரியாமல் ஆர்கன் கட்டையின் மேல் கையை வைத்தபடி இருந்தேன்.

அடுத்த வாரம் முன்பெஞ்சு காலி. "ஒரு வார்த்தைக்காக இவ்வளவா?" என்றார் வழுக்கைப் பெரியவர். எனக்குச் சுருக்கென்று வந்தது. "வாரா வாரம் உங்களை வாயை மூடுங்கன்னு யாராவது ஆசீர்வாதம் பண்ணினா தெரியும் சார்" என்றேன். கமிட்டியில் பலருக்கும் அந்த ஆசை உண்டு என்பதால் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை.

அக்கா மன்னிப்புக் கேட்கக் குழிக்கன்னத்தின் வீட்டுக்குப் போனார். தன் பக்க நியாயம் ஒன்றையும் பேசவில்லை. அவள் கையில் சொன்னதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழிக்கன்னம் சொன்னாள்: சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். ஏதோ பேசுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். இவள் அப்பாவின் கையைத் தட்டி என்ன என்ன என்று கேட்பாள். அவர் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டுவார். அமைதியாக இரு, பிறகு சொல்கிறேன். அந்தப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது தன் பிள்ளைக்குக் கேட்குமா கேட்காதா என்றே இன்னும் தெரியவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவன் தலையில் முதலில் வைக்கப்படுவது அந்தக் கையாக இருக்க வேண்டாம் என்றாள். ஆனால் ஆசீர்வாதமே இல்லாமல் அவனை விட்டுவிடவும் மனசு இல்லை என்று சொல்லி அழுதாளாம்.

இதையெல்லாம் அக்கா சொன்னது பாஸ்டரின் அறையில். நான் அங்கே பழுதான மைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தக அலமாரி, ஒற்றை ஜன்னல், ஆணியில் தொங்கும் அங்கி, ஆறிப்போன டீ. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்:

"பாஸ்டர், அந்தக் கடைசி வார்த்தைக்கு உள்ள என்ன இருக்கு? சண்டை இல்லாம அமைதியா இருக்கறது மட்டும்தானா? அப்படித்தான்னா நான் செஞ்சது சரி, அவளுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வேற இருந்தா எனக்கு முழுசா வேணும்."

எங்கள் பாஸ்டர் எபிரேயம் படித்தவர். பிரசங்கத்தில் அதை எடுத்தால் எங்கள் மதியச் சாப்பாடு ஆறும் என்பதால் நாங்கள் தூண்டிவிடுவதில்லை. அன்று அக்கா தானாகவே கேட்டுவிட்டார். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தச் சொல் ஷாலோம். அதோட வேர் முழுமை. உளி படாத முழுக் கல்லால பலிபீடம் கட்டச் சொல்றாங்க இல்ல, அந்த 'முழு'வுக்கும் அதே வேர். கடைக்காரன் வைக்கிற குறையாத எடைக்கல்லுக்கும் அதே வேர். ஒருத்தன் மாடு இன்னொருத்தன் மாட்டைக் கொன்னுட்டா மாட்டுக்கு மாடு குடுத்து ஈடு கட்டணும். அந்த ஈடுகட்டறதும் அதே வேர்தான். அதாவது குறைஞ்சதை நிரப்பறது, உடைஞ்சதைச் சேர்க்கறது."

"சண்டை இல்லாதது?"

"அதுவும் உண்டு. தேசத்துல வாள் நடக்காது, பயமில்லாம படுப்பீங்கன்னு வர்ற இடத்துல அந்த அர்த்தம்தான் முன்னால நிக்குது. ஆனா அது ஒரு பக்கம். தாவீது ராஜா போர்க்களத்துல இருந்து வந்த ஆள்கிட்ட விசாரிக்கிறான். தளபதியோட ஷாலோம் என்ன, ஜனங்களோட ஷாலோம் என்ன, யுத்தத்தோட ஷாலோம் என்னன்னு. யுத்தத்துக்கு ஏது அக்கா சமாதானம்? போர் எப்படிப் போகுதுன்னு கேக்கறான். எபிரேயத்துல ஒருத்தரை நலம் விசாரிக்கறதுன்னாலே அவரோட ஷாலோமைக் கேக்கறதுதான். நம்ம தமிழ் வேதத்துலயே பாருங்க, ஒரு இடத்துல சமாதானம்னு போட்டிருப்பாங்க, ஒரு இடத்துல சுகம், ஒரு இடத்துல சேமம். ஒரு பாத்திரத்துல அடங்கலை. சங்கீதத்துல ஒருத்தன் என் எலும்புல ஷாலோம் இல்லைன்னு அழறான். அது உடம்பு. உங்க டிபார்ட்மெண்ட்."

அக்கா சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாக்கோபு தன் பையன் யோசேப்பைக் கூப்பிட்டு, போய் உன் அண்ணன்மாரோட ஷாலோமையும் ஆட்டுமந்தையோட ஷாலோமையும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கறான். ஆடு காணாம போகாம, நோவு இல்லாம இருக்கான்னு பாக்கச் சொல்றான். ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு வரி இருக்கு. அந்த அண்ணன்மாரால அவன்கிட்ட ஷாலோமா ஒரு வார்த்தை பேச முடியலைன்னு. அந்த வீட்டுல அடிதடி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல அக்கா. பேச்சு போயிடுச்சு. அவ்வளவுதான். அதையே வேதம் ஷாலோம் இல்லைன்னு சொல்லுது."

அக்கா அந்த இடத்தில் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அப்போ அந்த ஆசீர்வாதத்துல?" என்றார்.

"அங்க அது கடைசிச் சொல். எபிரேயத்துல முதல் வரி மூணு வார்த்தை, அடுத்தது அஞ்சு, அடுத்தது ஏழு. விரிஞ்சுகிட்டே வந்து ஷாலோம்ல போய் நிக்குது. முன்னால சொன்ன காவல், ஒளி, இரக்கம் எல்லாம் அதுக்குள்ள வந்து சேருதுன்னு நான் நினைக்கிறேன். 'தருவார்'னு சொல்றோமே, மூலத்துல 'வைப்பார்'. எடுத்து வைக்கிறது. 'உனக்கு'ங்கறதும் ஒருமை. கூட்டமா நின்னாலும் ஒவ்வொருத்தரையும் தனியா பாத்துச் சொல்ற மாதிரி. அப்புறம் முகம். கடவுள் முகத்தை மறைச்சுகிட்டார்னா வேதத்துல அதுதான் பெரிய கேடு. முகம் திரும்பினாத்தான் ஷாலோம்."

"முகம் திரும்பினாத்தான் பேச்சே" என்றார் அக்கா. "அது அவங்களுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும் பாஸ்டர்." பாஸ்டர் ஆறிய டீயை எடுத்துக் குடித்தார். அவர் பெரிய மனசுக்காரர். வரும் வாரம் அவர்களிடம் தானே வந்து சொல்வதாகச் சொன்னார்.

இங்கேதான் நான் அக்காவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். வேறு யாராவது என்றால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று ஒரு புதுச் சைகையைத் தயாரித்துக்கொண்டு வந்திருப்பார்கள். அக்கா செய்யவில்லை. "மொழி அவங்களுது. எனக்கு அப்பா அம்மா குடுத்த இரவல். இரவல் வாங்கினவ புதுசா சேலை நெய்யக் கூடாது" என்றார். தச்சனின் பட்டறையில், மரத்தூளுக்கு நடுவில் பெஞ்சுகளைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். பாஸ்டர் சொன்ன ஒவ்வொரு கதையையும் கையில் சொன்னார். நானும் போயிருந்தேன், ஸ்பீக்கர் தேவைப்படாத அந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

ஒருவர் கட்டைவிரலை உயர்த்தி 'எல்லாம் நல்லது' என்ற சைகை போதுமே என்றார். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது பஸ் ஸ்டாப்பில் செய்கிறது, இவ்வளவு கதையை அது தாங்காது என்றார்கள். சூனேம் ஊர்ப் பெண்ணின் கதையையும் பாஸ்டர் சொன்னார். பிள்ளை செத்துக் கட்டிலில் கிடக்க, தீர்க்கதரிசியைத் தேடி ஓடி வருகிறவளிடம் பிள்ளை சுகமா என்று வழியில் கேட்கிறார்கள், அவள் ஷாலோம் என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறாள். ஒரு வயதான அம்மாள் தலையை ஆட்டினார். "கேக்கறவங்களுக்குச் சொல்லி நேரத்தை வீணாக்காம, செய்யறவர்கிட்ட ஓடறா. நானும் அப்படிச் சொல்லியிருக்கேன்" என்றார். ஆழம் பார்க்காமல் புண்ணுக்கு மேல் கட்டுப் போட்டுவிட்டு, ஷாலோம் இல்லாத இடத்தில் ஷாலோம் ஷாலோம் என்று சொன்னவர்களை எரேமியா தீர்க்கதரிசி திட்டிய கதை வந்தபோது, முன்பெஞ்சுக்காரர்கள் எல்லோருமே ஒரே நேரத்தில் உள்ளங்கைகளைத் தாழ்த்தினார்கள். அந்தப் பழைய சைகை அந்தப் பொய்க்குத்தான் பொருத்தம் என்று முடிவாயிற்று. பாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியில் தச்சன் எழுந்தான். சிதறிக் கிடப்பதைக் கூட்டுவது போல இரண்டு கைகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்தான். மரத்தில் துளையும் முனையும் சேர்கிற மாதிரி விரல்களைக் கோத்தான். கோத்த கையை இழுத்துப் பார்த்தான், அது பிரியவில்லை. பிறகு அந்த முழுமையை அப்படியே எதிரில் இருப்பவரின் மடியில் மெதுவாக வைத்தான். வைக்கிறபோது கண்ணைப் பார்த்தான். யாரும் ஓட்டெடுக்கவில்லை. எல்லோரும் அதைச் செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குழிக்கன்னம் மட்டும் செய்யவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "யோசேப்போட அண்ணன்மாரால பேச முடியலை. எங்க வீடு அந்த வீடு. அங்க குறையை நிரப்பாம, இவ்வளவு அழகான சைகையை என் பிள்ளை மடியில வச்சா, அதுவும் மேல்கட்டுத்தான். கடைசி வரியை எங்கப்பா சொல்லணும், அவர் கையால. சொன்னா நான் பிள்ளையைக் கொண்டு வரேன். இல்லைன்னா அவன் இப்படியே இருக்கட்டும்."

அவள் சொன்னதில் தப்பு இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. யார் போய் டிரைவரிடம் பேசுவது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டெப்போ கேன்டீனில் டிரைவர் பிடி கொடுக்கவில்லை. "நான் அவளுக்கு என்னம்மா குறை வச்சேன்? பள்ளிக்கூடத்துல சேத்தேன், கல்யாணம் பண்ணி வச்சேன். கையால பேசினா அவளுக்கு வாய் பேச வராது, வீட்டுல யாரும் கையாட்டாதீங்கன்னு படிச்சவங்கதான் சொன்னாங்க. நம்பினேன். வாயும் வரலை. அதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு. இந்தக் கை ஸ்டியரிங் புடிச்ச கை, இனிமே என்ன வளையும்?"

"வளைய வேண்டாம்ணே. வந்து பாருங்க" என்றார் அக்கா. "ஒரு வரிதான். நாளைக்குக் கடைசி பேஷண்ட் போனதும் லேபுக்கு வாங்க."

அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வந்தார், யூனிபாரத்தோடு. ரத்தம் எடுக்கிற நாற்காலியில் ஊசிக்குப் பயந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாராம். சிவப்பு மூடி, ஊதா மூடி போட்ட டியூப்களை அக்கா தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். கை சீக்கிரமே வந்துவிட்டது. ஓயாமல் கியர் மாற்றிய கை அல்லவா. வராதது முகம். கையைச் செய்யும்போது கையையே பார்ப்பார். இல்லாவிட்டால் சாலையைப் பார்ப்பது போல எங்கோ நேராகப் பார்ப்பார். அக்கா ஒரு விரலால் அவர் மோவாயைத் தொட்டுத் திருப்பினார். "கையைப் பாக்காதீங்கண்ணே. அவ மூஞ்சியைப் பாருங்க. நீங்க அங்க பாத்தாத்தான் அது பேச்சு. இல்லைன்னா அது கையாட்டல்." மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அவ சாப்பிடும்போது என் கையைத் தட்டுவாம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அக்கா திரும்பவும் முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்பெஞ்சு நிறைந்திருந்தது. பாஸ்டர் முதல் இரண்டு வரியைச் சொன்னார், அக்கா கையில் சொன்னார். மூன்றாவது வரிக்கு இருவரும் விலகிக்கொண்டார்கள். டிரைவர் எழுந்து வந்தார். குழந்தை தாயின் மடியில் இருந்தான். அவர் முகத்தை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். சிதறியதைக் கூட்டினார். விரல்களைக் கோத்தார். ஒரு விரல் தப்பிப்போய் மறுபடி கோத்தார். அதைக் கொண்டுவந்து பேரப்பிள்ளையின் மேல் வைத்தார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் ஆமென் பாட்டுக்குக் கட்டையில் விரலை வைத்தேன்.

ஆனால் அவர் இடத்துக்குப் போகவில்லை. தயங்கித் தயங்கி இன்னும் இரண்டு அசைவு செய்தார், புருவத்தை உயர்த்தி. எனக்கே அது புரிந்தது. 'நீ? நல்லா இருக்கியா?' அதை அவர் யாரிடம் கற்றார் என்று பிறகு விசாரித்தேன். மருமகனின் பட்டறைக்குத் தனியாகப் போயிருக்கிறார்.

குழிக்கன்னம் பதில் சொன்னாள். பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைகள் எல்லாம் அதில் இருந்திருக்க வேண்டும். டிரைவருக்குப் பத்தில் ஒன்றுகூடப் புரிந்திருக்காது. பதறிப்போய், மொழிபெயர்த்துச் சொல்லும்படி அக்காவைத் தேடித் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் எடுத்துச் சொல்லியே வாழ்ந்த மனுஷி, அன்றைக்கு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றார். டிரைவர் வேறு வழியில்லாமல் மகளின் முகத்துக்கே திரும்பினார். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.